17 இன்ச் அலாய் போட்டதிலிருந்து மோசமான ரோட்டில் முன்பக்கம் தடதடக்குது: வீல் எடையா, டயரா, ஷாக்கா?

#1 | வளைவுசாலை

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் ஹேட்ச்பேக்குக்கு 15 இன்ச்சிலிருந்து 17 இன்ச் அலாய் மாத்தினேன். பழைய டயர் 185/65 ஆர்15, இப்போ இருக்கிறது 205/45 ஆர்17. வளைவுல வண்டி முன்னைவிட இறுக்கமா நிக்குது, ஸ்டியரிங் திருப்பின உடனே மூக்கு திரும்புது. அதுல குறையே இல்லை. ஆனா மூணு விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு.

ஒண்ணு, ஒட்டுப்போட்ட ரோட்டில 50, 60 வேகத்துல போகும்போது முன்பக்கம் தடதடன்னு அதிருது. பெரிய பள்ளத்தைச் சொல்லலை. சின்னச் சின்ன ஒட்டு வரிசையா வர்ற இடத்துல ஸ்டியரிங்கும் காலடித் தரையும் சேர்ந்து நடுங்குது. ஒட்டு முடிஞ்ச பிறகும் உடனே அடங்கறதில்லை, கொஞ்சம் இழுத்துக்கிட்டுதான் நிக்குது. ரெண்டு, இழுவை லேசா மந்தமான மாதிரி இருக்கு. மூணாவதுதான் பயம். அதே மாதிரி ரோட்டில ஒருநாள் அவசரமா பிரேக் மிதிச்சேன். ஏபிஎஸ் சீக்கிரமே துடிக்க ஆரம்பிச்சிருச்சு, வண்டி நான் நினைச்ச இடத்தைத் தாண்டிப் போய்தான் நின்னுச்சு.

நேத்து வீட்டு எடை மெஷின்ல நான் மட்டும் ஒரு தடவை ஏறி, அப்புறம் வீலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். டயரோட சேர்த்து பழைய வீல் 15.6 கிலோ, புதுசு 20.2 கிலோ. ஒரு வீலுக்கு 4.6 கிலோ கூடுதல். வண்டியோ 1150 கிலோ. இந்த 4.6 கிலோ இவ்வளவு வேலை பண்ணுமா? வண்டி 70,000 கிமீ ஓடியிருக்கு, ஷாக் அப்சார்பர் எல்லாம் வாங்கினப்போ வந்ததுதான். பழைய வீல் நாலும் வீட்டுலயே பத்திரமா இருக்கு.

#2 | டார்க்_தம்பி

பண்ணும் ப்ரோ, கண்டிப்பா பண்ணும்! வீல்ல ஏறுற ஒரு கிலோ, பாடியில ஏறுற பத்து கிலோவுக்குச் சமம். உங்களுக்கு நாலு வீலுக்கும் சேர்த்து 18.4 கிலோ கூடியிருக்கு. அப்போ 184 கிலோ! எப்பவும் மூணு பேரைக் கூட ஏத்திக்கிட்டுப் போற மாதிரி. பிக்கப் போகாம என்ன செய்யும்? அந்த வீலைக் கழட்டி வித்துட்டு, எடை குறைஞ்ச ஃபோர்ஜ்டு வீல் வாங்குங்க. மூணு பிரச்சினையும் ஒரே நாள்ல போயிரும்.

#3 | அதிர்வலை

டார்க்_தம்பி சொல்ற திசை சரி, அளவு சரியில்லை. பத்து மடங்குங்கிற கணக்கை நானும் பல வருஷமாக் கேட்கிறேன். சஸ்பென்ஷன் சோதனைதான் என் வேலை, அதனால இதைக் கொஞ்சம் பொறுமையாச் சொல்றேன்.

முதல்ல இழுவை. வீல்ல இருக்கிற ஒரு கிலோவுக்கு ரெண்டு வேலை. வண்டியோட சேர்ந்து முன்னால போகணும், வீலோட சேர்ந்து சுத்தவும் சுத்தணும். முன்னால போறதுக்கு அது ஒரு கிலோதான், பாடியில இருந்தாலும் அதே ஒரு கிலோ. சுத்தறதுக்கு எவ்வளவுங்கிறது அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிறதைப் பொறுத்தது. டயரோட வெளி விளிம்பிலயே இருந்தா இன்னொரு முழுக் கிலோ. உள்ளே வர வர அது வேகமாக் குறைஞ்சுக்கிட்டே போகும். அதனால எப்படிப் பார்த்தாலும் ரெண்டு மடங்குதான் உச்சம். பத்து மடங்குக்கு வழியே இல்லை.

வளைவுசாலை, உங்க எடையை வச்சே பார்த்தேன். புது ரிம்மோட சுற்றுவட்டம் பெரிசு, அதனால அதோட எடை அச்சிலிருந்து தள்ளிப் போயிருக்கு. டயரும் கொஞ்சம் கனம். சுத்தறதுக்கான பங்கு வீலுக்கு ஏறக்குறைய 2.7 கிலோ கூடுது, நாலுக்கும் 11 கிலோ. முன்னால போற பங்கு 18.4. மொத்தம் 29 கிலோ சொச்சம். ஓட்டுநரோட சேர்த்து 1250 கிலோன்னு வச்சுக்கிட்டா 2.3 சதவீதம். 100 கிமீ வேகத்தைத் தொட 13 நொடி எடுக்கிற வண்டின்னா இன்னொரு 0.3 நொடி. உணர்ற ஆளுக்கு உணர முடியும், ஆனா மூணு பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்காது.

தடதடப்பும் பிரேக்கும் வேற கதை. அங்க இந்த ரெண்டு மடங்குக் கணக்கு செல்லாது, பத்து மடங்கும் செல்லாது. அதைப் பேசறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சு பாருங்க. ஒட்டு வரிசையா வர்ற அந்த இடத்துல ஒரு ஒட்டுக்கும் அடுத்த ஒட்டுக்கும் எவ்வளவு தூரம்னு டேப் வச்சு அளங்க. தடதடப்பு எந்த வேகத்துல உச்சம், எந்த வேகத்துல காணாமப் போகுதுன்னும் பார்த்துச் சொல்லுங்க.

#4 | பட்டறை_மூத்தவர்

தம்பி, கணக்கெல்லாம் அந்தம்மா பார்த்துக்கட்டும். நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. வழவழன்னு இருக்குற ரோட்டில 85, 95 வேகத்துல ஸ்டியரிங் நடுங்குதா? நடுங்கினா வீல் பேலன்ஸ் போச்சுன்னு அர்த்தம், இல்லைன்னா ஹப்புல வீல் நடுவாந்தரமா உட்காரலை. வெளியில வாங்குற அலாய்க்கு நடு ஓட்டை பெரிசா இருக்கும். உங்க ஹப்புக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ரிங் போடணும். பாதிப் பேர் அதைப் போடாமலே நட்டை முறுக்கி அனுப்பிருவாங்க.

அடுத்தது, காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க? டயர் பக்கவாட்டுல எக்ஸ்எல்னு போட்டிருக்கா?

#5 | வளைவுசாலை

மூத்தவரே, வழவழப்பான ரோட்டில நடுக்கமே இல்லை, 110 வரைக்கும் போய்ப் பார்த்துட்டேன். ரிங் போட்டிருக்கு, கழட்டும்போது கண்ணால பார்த்தேன். டயர்ல 88னும் எக்ஸ்எல்னும் இருக்கு. காத்து... முதல்ல 33 வச்சிருந்தேன். ரொம்ப முரடா இருந்துச்சேன்னு 28க்கு இறக்கிட்டேன்.

#6 | பட்டறை_மூத்தவர்

அதை முதல்ல ஏத்துங்க, இன்னைக்கே ஏத்துங்க. உங்க பழைய டயரோட பக்கச் சுவர் 120 மிமீ உயரம். இது 92தான். பள்ளத்துல விழும்போது மடங்கிக் கொடுக்க 28 மிமீ இடம் ஏற்கெனவே போயிருச்சு, அதுல காத்தையும் இறக்கினா ரப்பர் முழுசா நசுங்கி ரிம்மே ரோட்டுல அடி வாங்கும். எக்ஸ்எல் டயர் அதே பாரத்தைத் தாங்க சாதா டயரைவிடக் கூடுதல் காத்து கேக்கும். பழைய வீலுக்கு 33ன்னா இதுக்கு 35, 36 வைங்க.

வீலைக் கழட்டி உள்பக்க விளிம்பை விரலால ஒரு சுத்து தடவிப் பாருங்க. எங்கயாவது தட்டையா, விரல் லேசா இறங்கி ஏறுற மாதிரி இருந்தா அங்க ரிம் வளைஞ்சிருக்கு. வெளிப்பக்கம் அழகா இருக்கும், வளையுறது பெரும்பாலும் உள்பக்கம்தான். டயரோட பக்கச் சுவர்ல எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு இருந்தா உள்ள நூல் அறுந்துருச்சு, அதுல ஓட்டக் கூடாது.

#7 | மின்சக்கரம்

நான் கார்க்காரன் இல்லை, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டறேன். பின் வீலுக்குள்ளயே மோட்டார் இருக்கிற வகை. ஒட்டு முடிஞ்ச பிறகும் அடங்கறதில்லைன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் என் வண்டியைப் பத்தியே எழுதின மாதிரி இருந்துச்சு. வேகத்தடை வரிசையா இருக்கிற இடத்துல பின் வீல் ரோட்டை விட்டுத் தூக்கித் தூக்கிப் போடுது. தனியா ஓட்டினா மோசம், பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்தா சொகுசாப் போகுது. சஸ்பென்ஷன் கோளாறுன்னு நினைச்சு ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கினேன், இன்னும் மோசமாச்சு. இதுவும் அதே பிரச்சினையா?

#8 | நிலாப்பயணி

எனக்கு ஒண்ணு புரியலை. கனமான பெரிய கார்ல போனா சொகுசா இருக்கு, சின்னக் கார்ல போனா தூக்கிப் போடுது. எடை கூடினா நல்லதுதானே? மின்சக்கரமும் ஆள் ஏறினா நல்லாப் போகுதுங்கறார். அப்போ கனமான வீல் போட்டா வண்டி இன்னும் ரோட்டோட ஒட்டித்தானே போகணும்? வளைவுல இறுக்கமா நிக்குதுன்னு இழையைத் தொடங்கினவரே சொல்றாரே.

#9 | அதிர்வலை

நிலாப்பயணி கேட்டதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், விஷயத்தோட மையம் அங்கதான் இருக்கு. எடை எங்க இருக்குங்கிறதுதான் கேள்வி, ஸ்பிரிங்குக்கு மேலயா கீழயா. பாடி, எஞ்சின், ஆட்கள் எல்லாம் மேலே. வீல், டயர், ஹப், பிரேக், கீழ் ஆர்ம்ல பாதி, இதெல்லாம் கீழே. கீழே இருக்கிறதுதான் அன்ஸ்ப்ரங் வெயிட். ஒரு ஒட்டு மேல டயர் ஏறும்போது கீழே இருக்கிறது மேலே போய்த்தான் ஆகணும். அது லேசா, மேலே இருக்கிறது கனமா இருந்தா, பாடி அசையாம நிக்க, வீல் மட்டும் ஏறி இறங்கும். பெரிய கார் சொகுசா இருக்கிறதுக்கும் இது ஒரு காரணம். மின்சக்கரம் பின்னாடி ஆளை ஏத்தினப்போ மேல் எடை கூடினது, மோட்டார் கீழ் எடையைக் கூட்டினது. ஒண்ணு நல்லதும் இன்னொண்ணு கெட்டதும் செய்யுது. அவர் ஸ்பிரிங்கை இறுக்கினது துள்ளலை அடக்காது, ஏன்னா துள்ளலை அடக்கறது ஷாக்கோட வேலை.

இப்போ வளைவுசாலையோட வண்டி. முன்பக்க ஒரு மூலையில மேலே 320 கிலோ, பழைய வீலோட கீழே 35 கிலோன்னு வச்சுக்கறேன். இந்த அளவு வண்டிக்கு இது நியாயமான கணிப்பு. கீழே இருக்கிற அந்த 35 கிலோவை ரெண்டு ஸ்பிரிங் நடுவுல வச்சுப் பிடிச்சிருக்கிற மாதிரி யோசிங்க. மேலே காயில் ஸ்பிரிங், கீழே டயர். டயரும் ஒரு ஸ்பிரிங்தான், காயிலைவிட எட்டு, பத்து மடங்கு கடினமான ஸ்பிரிங். ஒட்டுல தட்டினதும் வீல் இந்த ரெண்டுக்கும் நடுவுல நொடிக்கு 12, 13 தடவை துள்ளும். பாடி ஆடறது நொடிக்கு ஒண்ணேகால் தடவைதான். கடல்ல படகு ஆடற மாதிரி இருந்தா பாடி, தடதடன்னு காலடியில நடுங்கினா வீல்.

இனிமேதான் எனக்கே ஆச்சரியம் தந்த இடம். 4.6 கிலோ கூடினா வீல் துள்ளற வேகம் குறையணும். ஆனா பக்கச் சுவர் குட்டையான டயர் கடினமாவும் இருக்கு. ஒண்ணு கீழே இழுக்குது, ஒண்ணு மேலே தள்ளுது, கடைசியில துள்ளல் வேகம் பழைய இடத்துலயே, 12.7 பக்கத்துலயே நிக்குது. மாறினது அடக்கற சக்தி. கனமான வீல், கடினமான டயர், ரெண்டும் சேர்ந்து துள்ளும்போது அதை நிறுத்த ஷாக்குக்கு ஏறக்குறைய 13 சதவீதம் கூடுதல் பிடி வேணும். ஷாக்கோ அதே பழைய ஷாக், 70,000 கிமீ ஓடி எண்ணெயும் வால்வும் களைச்சுப் போனது. லேசான வீலை வச்சுச் சமாளிச்சுக்கிட்டு இருந்தது, இப்போ கையை விரிச்சிருச்சு. ஒட்டு முடிஞ்ச பிறகும் அடங்காம இழுக்கறது இதனாலதான்னு நான் சந்தேகப்படறேன்.

வளைவுல இறுக்கமா நிக்கிறதுக்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லை, நிலாப்பயணி. அது குட்டையான பக்கச் சுவரும் அகலமான டயரும் கொடுக்கறது. அதே சைஸ்ல லேசான வீல் போட்டாலும் அந்த இறுக்கம் அப்படியே இருக்கும்.

ஒரு பக்கக் கதை. 1948-ல் வெளிவந்த சிட்ரோயன் 2சிவி கார்ல இந்தத் துள்ளலை அடக்கறதுக்காக வீல் பக்கத்துல ஒரு உருளை வச்சிருந்தாங்க, உள்ளே ஸ்பிரிங் மேல ஒரு எடைக்கல். வீல் மேலே துள்ளினா கல் பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். அதே கார்லதான் முன் பிரேக்கை வீல்ல வைக்காம கியர்பாக்ஸ் பக்கத்துல கொண்டுபோய் வச்சாங்க, கீழ் எடை குறையணும்னு. ஒரு பக்கம் எடையைக் கழட்டி, இன்னொரு பக்கம் கணக்குப் போட்டு ஒரு எடையைச் சேர்த்திருக்காங்க. அந்த அடக்கத்தோட யோசிச்ச காரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

#10 | வளைவுசாலை

அக்கா, டேப் வச்சு அளந்துட்டேன். ஒட்டுக்கு ஒட்டு 1.2 மீட்டர், ஒண்ணு ரெண்டு இடத்துல கொஞ்சம் கூடக் குறைய. 35ல போனா டக் டக்னு தனித்தனியா அடி கேக்குது, நடுக்கம் இல்லை. 50ல ஆரம்பிக்குது. 55ல உச்சம், ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிற கை மரத்துப் போற மாதிரி. 75, 80ல போனா ஆச்சரியமா இருக்கு, பாதியாக் குறைஞ்சிருது.

காத்து 35 வச்சாச்சு மூத்தவரே. விரலால தடவினேன், இடது முன் வீல்ல உள்விளிம்புல ஒரு இடம் இறங்கி ஏறுது. ரெண்டு விரல் அகலம் இருக்கும். புடைப்பு எங்கயும் இல்லை.

#11 | அதிர்வலை

55 கிமீ வேகம்னா நொடிக்கு 15.3 மீட்டர். 1.2 மீட்டருக்கு ஒரு ஒட்டுன்னா நொடிக்கு 12.7 அடி. வீல் தானாத் துள்ளற வேகமும் அதேதான். ஊஞ்சலைச் சரியா அது திரும்பற நேரத்துல தள்ளிவிடற மாதிரி ஒவ்வொரு ஒட்டும் வந்து தள்ளுது. 35ல நொடிக்கு எட்டு அடி, 80ல பதினெட்டுக்கு மேல, ரெண்டுலயும் தாளம் சேரலை. நடுங்கறது பாடி இல்லை, டயர் மட்டும் இல்லை, வீல் துள்ளல்தான்னு இதுலயே தெளிவாயிருச்சு. என் கணிப்பு தசமம் வரைக்கும் பொருந்தினது தற்செயல், 12க்கும் 13க்கும் நடுவுல எங்க வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மூத்தவர் 85, 95ல நடுங்குதான்னு கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பின்னாலயும் இதே எண்தான் இருக்கு. உங்க டயர் ஒரு சுத்துக்கு 1.93 மீட்டர் போகும். 88 கிமீ வேகத்துல வீல் நொடிக்கு 12.7 சுத்து. பேலன்ஸ் போன வீல் அந்த வேகத்துலதான் தன் துள்ளலைத் தானே கிளப்பும்.

#12 | பட்டறை_மூத்தவர்

அந்த எண்ணெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, 90 பக்கத்துல நடுங்கினா பேலன்ஸ்னு கை சொல்லும். காரணம் இன்னைக்குத்தான் கேள்விப்படறேன், நல்லா இருக்கு.

வளைவுசாலை தம்பி, வளைஞ்ச வீலைப் பின்பக்கம் மாத்திப் போட்டு ஓட்டிறாதீங்க. காத்து மெதுவா இறங்கும். நேராக்கிட முடியுமான்னு பார்க்கணும். விரிசல் விழுந்திருந்தா நேராக்கவே கூடாது.

#13 | டார்க்_தம்பி

பத்து மடங்கு தப்புன்னு ஒத்துக்கறேன் அக்கா, எங்கேயோ படிச்சதை அப்படியே சொல்லிட்டேன். ஆனா பிரேக் விஷயத்துல எனக்குச் சந்தேகம் இருக்கு. பெரிய வீல் போட்டா டிஸ்க்குக்கும் ரோட்டுக்கும் இருக்கிற தூரம் கூடிரும், பிரேக்குக்குப் பிடி குறையும். அதனாலதான் அவர் வண்டி நிக்கலை. பெரிய டிஸ்க் மாத்தணும்.

#14 | அதிர்வலை

ரிம்தான் பெரிசாச்சு, டயரோட வெளிச்சுற்று பெரிசாகலை. பழையது 621 மிமீ விட்டம், புதுசு 616. பிரேக்கோட பிடி மாறலை, சொல்லப்போனா மயிரிழை கூடியிருக்கு. 205/50 போட்டிருந்தா 637க்குப் போயிருக்கும், அப்போ உங்க வாதத்துல கொஞ்சம் உண்மை இருந்திருக்கும்.

100 கிமீ வேகத்துல இருந்து நிறுத்த பிரேக் தின்னவேண்டிய ஆற்றல் 2.3 சதவீதம் கூடுது, அவ்வளவுதான். நீண்ட இறக்கத்துல தொடர்ந்து மிதிச்சா கொஞ்சம் கூடுதலாச் சூடாகும். வழவழப்பான ரோட்டில ஏபிஎஸ் துடிக்கிற அளவுக்கு மிதிச்சா நிறுத்தறது டயரோட பிடி, டிஸ்க் இல்லை. ஏபிஎஸ்ஸைத் துடிக்க வைக்கிற அளவுக்கு உங்க பிரேக்குக்குச் சக்தி இருக்குன்னா, பெரிய டிஸ்க் போட்டு அந்த ஒரே நிறுத்தத்துல ஒண்ணும் ஆகாது. அதோட பெரிய டிஸ்க்கும் கீழ் எடைதான்.

மோசமான ரோட்டில நடக்கிறது வேற. வீல் துள்ளும்போது ஒரு நொடியில பன்னிரண்டு தடவை டயர் ரோட்டை அழுத்தறது கூடிக் குறையுது. குறையற அந்தக் கணத்துல பிரேக் பிடிச்சிருந்தா வீல் சட்டுனு சுத்து குறைஞ்சு பூட்டப் பார்க்கும். ஏபிஎஸ் அதைப் பார்த்து அழுத்தத்தை விடும். அடுத்த கணமே டயர் திரும்ப ரோட்டை அழுத்தும், ஆனா அழுத்தம் இன்னும் திரும்பி வந்திருக்காது. கனமான வீல்னா விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிக்கவும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். ரோடு கொடுக்கத் தயாரா இருந்த பிடியை வாங்கிக்காமலே வண்டி ஓடிட்டு இருக்கும். வளைவுசாலை சொன்னது இதுவா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

#15 | பட்டறை_மூத்தவர்

இதுல நான் ஒத்துப்போகலை. பிரேக் நீளுறதுல பாதி பழியை ஷாக் மேலதான் போடுவேன், வீல் எடை மேல போட மாட்டேன். ஷாக் செத்த வண்டி சின்ன வீல்லயும் இப்படித்தான் நிக்காமப் போகும், கண்ணால பார்த்திருக்கேன். அதோட புது டயர் முதல் சில நூறு கிமீ வழுக்கும், அதையும் கணக்குல எடுத்துக்கணும். அவர் எப்போ பிரேக் அடிச்சார்னு சொல்லலையே.

தம்பி, சோதிச்சுப் பார்க்க வழி உங்க வீட்டுலயே கிடக்கு. பழைய வீல் நாலையும் மாட்டிட்டு அதே ரோட்டில போங்க. தடதடப்பு முழுசாப் போனா வீல். கொஞ்சமாவது மிச்சம் இருந்தா ஷாக். ஒரே நாள்ல ரெண்டையும் மாத்திட்டு எது வேலை செஞ்சதுன்னு கேக்காதீங்க. ஷாக் எண்ணெய் ஒழுகுதான்னும் பாருங்க. ஆனா ஒழுகலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. வண்டி மூக்கை அமுக்கிவிட்டுப் பார்க்கிற சோதனையும் இதுக்கு உதவாது, அதுல பாடி ஆடறதுதான் தெரியும்.

#16 | வளைவுசாலை

மூணு வாரம் ஆச்சு, ஒவ்வொண்ணாச் செஞ்சேன். வளைஞ்ச ரிம்மை விரிசல் இருக்கான்னு பார்த்து நேராக்கியாச்சு. எல்லாம் அதே ரோடு, காலை நேரம், நான் மட்டும்.

முதல் நாள் காத்து 35, 17 இன்ச். தடதடப்பு அப்படியே இருந்துச்சு, ஒவ்வொரு அடியும் முன்னைவிடக் கூர்மை.

அப்புறம் பழைய 15 இன்ச் நாலையும் மாட்டினேன். முதல் ஒட்டுலயே வித்தியாசம். ஓரம் கூரா இருக்கிற ஒட்டுல விழற அடி மழுங்கிப் போச்சு. ஆனா 55ல நடுக்கம் முழுசாப் போகலை மூத்தவரே! பாதிக்கு மேல குறைஞ்சுது, ஆனா இருந்துச்சு. கடைசி ஒட்டைத் தாண்டின பிறகு ரெண்டு மூணு துடிப்பு கூடுதலா வருது. ரெண்டு வருஷமா இதைச் சாதாரணம்னு நினைச்சே ஓட்டியிருக்கேன்.

அதனால முன்பக்க ஷாக் ரெண்டையும் மாத்தினேன், மேல் மவுண்ட்டோட. பழசைக் கழட்டிக் கையால அமுக்கிப் பார்த்தப்போ ஒண்ணு ஒரு இடத்துல தடையே இல்லாம வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. வெளியில ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது.

இப்போ புது ஷாக், 17 இன்ச், காத்து 35. 55ல போனா ஒட்டு தெரியுது, அடி விழுது, ஆனா ஸ்டியரிங் நடுங்கலை. கடைசி ஒட்டோட சத்தமும் நின்னுருது. கூரான அடி மட்டும் அப்படியே இருக்கு, 15 இன்ச்ல இருந்த மழுமழுப்பு வரலை.

இழுவையையும் பார்த்தேன். மூணாம் கியர்ல 40லிருந்து 80, போக மூணு, வர மூணு, போன்ல மீட்டரை வீடியோ எடுத்து நேரம் பார்த்தேன். 15 இன்ச்ல சராசரி 8.3 நொடி, 17ல 8.5.

#17 | டார்க்_தம்பி

0.2 நொடிதானா! நான் ஒரு நொடியாவது இருக்கும்னு நினைச்சேன்.

#18 | அதிர்வலை

2.3 சதவீதத்துக்கு 0.19 வரணும், வந்திருக்கு. ஆனா அதை ரொம்ப நம்பிக்காதீங்க. 17 இன்ச்ல மீட்டர் 0.8 சதவீதம் கூடுதலாக் காட்டும், அதாவது அங்க நீங்க உண்மையில 80ஐத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கடிகாரத்தை நிறுத்தியிருக்கீங்க. சின்ன டயர் கியரை லேசாக் குட்டையாக்கி இழுவைக்கு உதவியும் இருக்கும். வீடியோல நேரம் பார்க்கிறதுலயும் பிழை உண்டு. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இருக்கு, சின்னதுங்கிறது வரைக்கும் சொல்லலாம்.

கூரான அடி மிச்சம் இருக்கிறது நான் எதிர்பார்த்ததுதான். அதுல பெரும்பங்கு போன அந்த 28 மிமீ ரப்பர். எந்த ஷாக்கும் அதைத் திருப்பித் தராது, ஃபோர்ஜ்டு வீலும் தராது. 16 இன்ச்சுக்கு இறங்கினா கொஞ்சம் கிடைக்கும். 195/55 ஆர்16 பாருங்க, அதோட வெளிச்சுற்று 621 மிமீ, உங்க பழைய வீலோட அளவேதான். வாங்கப் போறப்போ கையில ஒரு எடை மெஷின் கொண்டுபோங்க. 16 இன்ச்லயே 7 கிலோ வீலும் இருக்கு, 10 கிலோ வீலும் இருக்கு. ஹப்புல பதியற முகம் வீலோட நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு சொல்ற ஆஃப்செட் எண் பழைய வீலுக்குப் பக்கத்துல இருக்கணும். அது தள்ளிப்போனா ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கை வெட்டி இழுக்கும்.

#19 | மின்சக்கரம்

நான் ஸ்பிரிங்கைப் பழைய படிக்கே இறக்கிட்டேன், பின் டயர் காத்தையும் தனியா ஓட்டறதுக்குன்னு கையேட்டுல போட்டிருக்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். துள்ளல் குறைஞ்சிருக்கு, போகலை. ஷாக் மாத்தினா எவ்வளவு குறையும்னு யாராவது மாத்திப் பார்த்திருக்கீங்களா? இதுல எடை மோட்டார்லயே இருக்கு, கழட்ட வழியில்லை.

#20 | அதிர்வலை

அமுங்கின ஷாக் திரும்ப நீளும்போது தடுக்கிற ரீபவுண்டு பிடியைத் தனியாத் திருகி மாத்தற ஷாக் உங்க வண்டிக்குக் கிடைச்சா அதுதான் சரியான திசை. ஆனா ரொம்ப இறுக்கினா வீல் பள்ளத்துக்குள்ள இறங்கவே நேரம் கிடைக்காது, துள்ளலுக்குப் பதிலா மிதக்க ஆரம்பிக்கும். உங்க மோட்டார் வீல் எடை எவ்வளவுன்னு தெரியாம எண் சொல்ல என்னால முடியாது. எடை பார்த்துத் தனி இழையா எழுதுங்க, வந்து சேர்றேன்.

#21 | பட்டறை_மூத்தவர்

தம்பி, பிரேக் என்னாச்சு? அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே.

#22 | வளைவுசாலை

அந்த ரோட்டில வேணும்னே அவசர பிரேக் அடிச்சுப் பார்க்க மனசு வரலை மூத்தவரே, பின்னாடி எப்பவும் வண்டி வருது. முதல் தடவை அடிச்சப்போ டயர் போட்டு பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு, காத்தும் 28தான் இருந்துச்சு, ஷாக்கும் செத்திருந்துச்சு. கனமான வீலோட சேர்த்து நாலு காரணமும் ஒண்ணா இருந்தப்போ நடந்ததை வச்சு எது எவ்வளவுன்னு என்னால பிரிக்க முடியலை. போன வாரம் அதே ரோட்டில ஒரு நாய் குறுக்க வந்துச்சு, 50ல இருந்து நல்லா மிதிச்சேன். ஏபிஎஸ் ரெண்டு துடிப்புதான் துடிச்சுது, வண்டி நின்னுச்சு. அளவெடுத்தது இல்லை, கால் உணர்ந்தது மட்டும்.

16 இன்ச் தேடிக்கிட்டு இருக்கேன். 7.2 கிலோவுல ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், ஆஃப்செட் பழசைவிட 3 மிமீ வித்தியாசம். அது பரவாயில்லையா அக்கா?

#23 | அதிர்வலை

3 மிமீ பரவாயில்லை. நடு ஓட்டை அளவை மட்டும் கேட்டுக்கோங்க.